செயல்திறன் மேம்பாட்டுக் கடிதம்: எதிர்த்து நிற்பதா, விலகிச் செல்வதா?

தோட்டக் காரியாலயத்தில் ஓர் உத்தியோகத்தரின் வேலையில் குறை கண்டால், அவரை அழைத்து நாலு பேர் கேட்க உரத்த குரலில் ஏசுவதே முன்னைய துரைமாரின் வழக்கம். ஏச்சு வாங்கியவர் மறுநாள் வழமைபோல் பெரட்டுக் களத்தில் நிற்பார். விடயமும் அத்துடன் முடிந்துவிடும். 1992ஆம் ஆண்டு தோட்டங்களின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்ட பின்னர் காரியாலய நடைமுறைகள் படிப்படியாக மாறின. ஏச்சு குறைந்தது, கடிதங்கள் பெருகின. அவ்வாறு வந்து சேர்ந்தவற்றுள் ஒன்றுதான் 'செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம்' எனப்படும் ஆவணம். கொழும்பின் வங்கிகளிலும் மென்பொருள் நிறுவனங்களிலும் பழகிப்போன இந்தக் கடிதம் ஹற்றன், நுவரெலியா பிரதேசங்களில் பணிபுரியும் ஒரு வெளிக்கள உத்தியோகத்தரின் அல்லது தொழிற்சாலை உத்தியோகத்தரின் கைக்கு வரும்போது, அதனை எப்படி வாசிப்பது என்று சொல்லிக்கொடுக்க அருகில் எவரும் இருப்பதில்லை. கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அதன் நடையோ கனிவானது. அந்தக் கனிவே பலரை ஏமாற்றிவிடுகின்றது.

கடிதத்தின் அமைப்பு எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். இன்னின்ன விடயங்களில் உங்கள் செயல்திறன் எதிர்பார்த்த மட்டத்தில் இல்லை. இத்தனை நாட்களுக்குள், வழக்கமாக மூன்று மாதங்களுக்குள், இன்னின்ன இலக்குகளை அடைய வேண்டும். இடையிடையே மீளாய்வுக் கூட்டங்கள் நடைபெறும். இலக்கை அடையத் தவறின் நிர்வாகம் 'பொருத்தமான நடவடிக்கை' எடுக்கும் என்றவாறு அது செல்லும். இத்தகைய கடிதங்கள் பலவற்றில், இது ஒழுக்காற்று நடவடிக்கை அல்ல, உங்கள் முன்னேற்றத்திற்கான உதவி மாத்திரமே என்று ஒரு வசனமும் சேர்க்கப்பட்டிருக்கும். அந்த வசனத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பின்னர் வருவோம்.

கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இந்தத் திட்டம் புதியதல்ல என்பதையும் ஈண்டு சொல்லியாக வேண்டும். நிறை குறைந்தால் அரைப்பேர் என்ற கணக்கு அவர்களுக்கு நாள் தவறாமல் நடக்கும் மேம்பாட்டுத் திட்டமே. மலையின் கொழுந்து வளத்தைப் பாராமல் நிறையை மட்டும் பார்க்கும் அந்த அநீதியைப் பல உத்தியோகத்தர்கள் தம் கையாலேயே பதிந்து வந்திருக்கின்றார்கள். இப்போது அதே தராசு அவர்களின் பக்கமும் திரும்பியுள்ளது.

கடிதம் கிடைத்தவுடன் கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுதான்: என்னைத் தூக்கிவிடுவதற்காக இது எழுதப்பட்டதா, அல்லது என்னை அனுப்புவதற்கு ஒரு கோப்பு தேவைப்படுவதால் எழுதப்பட்டதா? நிர்வாகத்தின் மனத்தை நாம் அறிய முடியாது. ஆயினும் இலக்குகளையும் திகதிகளையும் தோட்டத்தின் இயற்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஹற்றன் பக்கத் தோட்டமொன்றில் 60 ஹெக்டேயர் பரப்புள்ள ஒரு பிரிவுக்குப் பொறுப்பான வெளிக்கள உத்தியோகத்தர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 46. சேவைக்காலம் 19 வருடங்கள் பூர்த்தி. மாத வேதனம் 60,000 ரூபா. இவை கணக்கை விளக்குவதற்காக நாம் எடுத்துக்கொண்ட எண்களேயன்றி எந்தவொரு தனி மனிதரையும் குறிப்பன அல்ல. ஜனவரி முதலாம் திகதியிடப்பட்ட கடிதம் அவரிடம் மூன்று விடயங்களைக் கோருகின்றது. பிரிவின் விளைச்சலை உயர்த்த வேண்டும். கொழுந்துச் சுற்று எட்டு நாட்களைத் தாண்டக் கூடாது. தொழிற்சாலைக்குச் செல்லும் நல்ல கொழுந்தின் விகிதம் கூட வேண்டும். தவணை மார்ச் மாத இறுதி.

முதலில் திகதியைப் பாருங்கள். மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சியும் இரவுக் குளிரும் நிலவும் காலம். நுவரெலியாவின் பள்ளங்களில் உறைபனியும் விழும். அக்காலத்துத் தேயிலைக்கு மணமும் சுவையும் மிகுதி, ஆனால் கொழுந்து குறைவு. ஏப்ரல், மே மாதங்களின் மழையோடுதான் செடி தழைத்துக் கொழுந்து பெருகும். ஏப்ரல் மாதத்து விளைச்சலை மார்ச் மாதத்தில் காட்டு என்று கோரும் திட்டம், எழுதப்பட்ட நாளிலேயே தோல்வியடைந்துவிட்ட திட்டமாகும். கடந்த வருடத்தின் இதே மூன்று மாதங்களுடன் ஒப்பிட்டிருந்தால் அது நியாயமான அளவுகோல். முழு வருடச் சராசரியுடன் ஒப்பிட்டிருந்தால் அல்ல.

அடுத்து, கவ்வாத்து. ஐந்து வருடத்திற்கு ஒருமுறை என்ற சுழற்சி கடைப்பிடிக்கப்படும் இந்தப் பிரிவில் வருடந்தோறும் 12 ஹெக்டேயர் வெட்டப்படும். ஆக, கொழுந்து பறிப்பதற்கு எஞ்சுவது 48 ஹெக்டேயரே. எட்டு நாட்களில் ஒரு சுற்றை முடிக்க நாளொன்றுக்கு ஆறு ஹெக்டேயர் முடிய வேண்டும். அதற்கு அறுபது பேர் மலைக்கு வரவேண்டும் என்பது அந்தப் பிரிவின் வழக்கமான கணக்காயின், பேருக்குப் பத்தில் ஒரு ஹெக்டேயர். இனி, நகரத்துக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் இளம் பெண்கள் போய்விட, பேர் போடுவோரின் எண்ணிக்கை 42ஆகக் குறைந்துவிட்டதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு முடிவது 4.2 ஹெக்டேயர். சுற்று பதினொரு நாட்களைத் தாண்டிவிடும். பதினொரு நாட் கொழுந்து முற்றிய கொழுந்து. எனவே நல்ல கொழுந்தின் விகிதமும் தானாகவே வீழ்ந்துவிடும். கடிதத்தில் தனித்தனியாக எழுதப்பட்ட மூன்று குறைகளும் உண்மையில் ஒரே குறையின் மூன்று முகங்கள் என்பது இதிலிருந்து விளங்கும். அந்தக் குறை ஆட்பற்றாக்குறை. ஆட்களைச் சேர்க்கும் அதிகாரம் வெளிக்கள உத்தியோகத்தருக்கு இல்லை.

விளைச்சல் ஒப்பீடு எந்த வருடங்களிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டபோது செடிகள் பட்ட அடி எல்லோரும் அறிந்ததே. அதற்கு முந்திய வருடங்களின் விளைச்சலை அளவுகோலாக வைத்து இன்றைய உத்தியோகத்தரின் திறமையை நிறுப்பது, உரத்தின் கணக்கை மனிதனின் தலையில் எழுதுவதாகும்.

இவ்வளவும் சொன்ன பின்னர் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. பக்கத்துப் பிரிவிலும் அதே வறட்சி, அதே ஆட்பற்றாக்குறை. ஆயினும் அங்கே சுற்று ஒன்பது நாட்களில் முடிகின்றதென்றால் உத்தியோகத்தர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் உள்ளன. காலைப் பெரட்டுக்கு நேரத்திற்குச் செல்கின்றோமா, எந்த மலையை முன்னே பறிப்பது என்று திட்டமிடுகின்றோமா, கொழுந்து நிறுக்குமிடத்தில் நிற்கின்றோமா அல்லது கங்காணியிடம் விட்டுவிடுகின்றோமா? குறை நம்மிடமிருந்தால் அந்த மூன்று மாதங்களும் உண்மையிலேயே ஒரு வாய்ப்புத்தான். கடிதம் தந்த முகாமையாளர் குறித்த நாளில் மீளாய்வுக்கு வருகின்றாரா, மழை பொய்த்தபோது இலக்கைத் திருத்துகின்றாரா, கேட்ட உதவியில் பாதியாவது தருகின்றாரா என்பனவே அவரின் நோக்கத்தைக் காட்டும். கூட்டங்கள் நடைபெறாமலே குறிப்புகள் மட்டும் எழுதப்பட்டு ஒப்பத்திற்கு வருமாயின், அல்லது உங்கள் பிரிவிலேயே இன்னொருவர் 'பழகுவதற்காக' அனுப்பப்பட்டிருப்பாராயின், அது கோப்பு தயாரிக்கும் வேலையே.

எவ்வாறாயினும் முதல் வாரத்தில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பதில் எழுத வேண்டும். மௌனம் சம்மதமாகவே பின்னர் வாசிக்கப்படும். கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமிட மறுப்பது வீண் வேலை. அது கட்டளைக்குக் கீழ்ப்படியாமை என்ற வேறொரு குற்றச்சாட்டுக்கு இடமளிக்கும். 'பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்றுக்கொண்டதாகாது' என்று எழுதித் திகதியிட்டு ஒப்பமிடலாம். ஆங்கிலம் விளங்காவிடின் தமிழில் விளக்கம் தருமாறு எழுத்தில் கேட்பதில் வெட்கம் எதுவுமில்லை. பின்னர் ஓரிரு நாட்களில் பதிவுத் தபாலில் அனுப்பும் பதில் சுருக்கமாக, கோபமின்றி, எண்களுடன் இருக்க வேண்டும். அது இவ்வாறு அமையலாம்:

"தங்களின் ஜனவரி 1ஆம் திகதிக் கடிதம் கிடைத்தது. எனது பிரிவில் தற்போது பறிப்பிலுள்ள பரப்பு 48 ஹெக்டேயர். டிசம்பர் மாதத்துச் செக்றோலின்படி நாளாந்தம் வேலைக்கு வந்த பறிப்பாளர்கள் சராசரி 42 பேர். எட்டு நாட் சுற்றுக்கு 60 பேர் தேவை. இக்குறையை நவம்பர் மாதத்திலும் தங்களுக்கு அறிவித்திருந்தேன். மேலதிக ஆட்களை வழங்குமாறும், விளைச்சல் இலக்கைக் கடந்த வருடத்தின் இதே மாதங்களுடன் ஒப்பிட்டுத் திருத்துமாறும் வேண்டுகின்றேன். திட்டத்திற்கு முழுமையாக ஒத்துழைப்பேன்."

இதில் இறுதி வசனம் அவசியமானது. ஒத்துழைக்க மறுத்தார் என்று பின்னர் எவரும் சொல்ல இயலாதிருக்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. செக்றோல், கொழுந்துப் புத்தகம், மழைப் பதிவேடு என்பன தோட்டத்தின் ஆவணங்கள். ஆதாரம் தேடும் அவசரத்தில் அவற்றை வீட்டுக்குக் கொண்டு செல்வதோ பக்கங்களைக் கிழிப்பதோ தானே குழி தோண்டுவதற்கு ஒப்பாகும். எண்களைச் சொந்த நாட்குறிப்பில் எழுதிக்கொண்டு, இன்ன திகதிச் செக்றோலில் உள்ளபடி என்று கடிதத்தில் குறிப்பிட்டால் போதும். விசாரணை என்று வரும்போது மூலப் பதிவேட்டைக் கொண்டு வருமாறு கோரலாம். கொண்டுவராவிட்டால் ஏன் கொண்டுவரவில்லை என்ற கேள்விக்கு நிர்வாகமே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இனிச் சட்டத்தின் பக்கம் வருவோம். முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன வசனம் இங்கேதான் பயன்படுகின்றது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, தொழிலாளரின் வேலை முடிவுறுத்தல் பற்றிய சட்டம், பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு அமர்த்தியுள்ள தொழில்கொள்வோருக்கு ஏற்புடையது. எனவே தோட்டங்கள் அதனுள் அடங்கும். முந்திய பன்னிரண்டு மாதங்களில் 180 நாட்களேனும் பணிபுரிந்த ஒருவரை, ஒழுக்காற்றுத் தண்டனையாக அன்றி வேறு எக்காரணத்திற்காக வேலையிலிருந்து நிறுத்துவதாயினும், அவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். அன்றேல் தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இவையின்றிச் செய்யப்படும் நிறுத்தம் செல்லுபடியற்றது. மீண்டும் வேலையில் அமர்த்துமாறு கட்டளையிட ஆணையாளருக்கு அதிகாரமுண்டு.

ஆகவே, 'இது ஒழுக்காற்று நடவடிக்கை அல்ல' என்று தானே எழுதிக்கொடுத்த நிர்வாகம், அதே திட்டத்தில் தவறியமைக்காக ஒருவரை நிறுத்துமாயின், அது தண்டனையல்லாத நிறுத்தமே என்றும் அதற்குச் சம்மதமோ அனுமதியோ பெறப்படவில்லை என்றும் உத்தியோகத்தர் வலுவாக வாதிடலாம். ஆறுதலுக்காக எழுதப்பட்ட வசனம் நிர்வாகத்தின் கையையே கட்டிவிடுகின்றது. அனுமதி கேட்டு ஆணையாளரிடம் செல்வதென்றால் விசாரணை, நட்டஈடு என்று நீண்ட வழி. எஞ்சியிருப்பது சம்மதம். 'நீங்களாகவே இராஜினாமாக் கடிதம் தந்துவிடுங்கள், பெயர் கெடாமல் போகலாம்' என்று ஒருநாள் காரியாலயத்தில் தேநீர் கொடுத்துப் பேசப்படுவதன் காரணம் இதுதான். நிர்வாகத்திற்குத் தேவைப்படும் மிகப் பெறுமதியான பொருள் உத்தியோகத்தரின் ஒப்பமே என்பதை அறியாமல் அதனை இலவசமாகக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் பலர்.

இராஜினாமாவினால் வரும் நட்டம் அத்துடன் நிற்பதில்லை. தொழில் நியாய மன்றத்திற்குச் செல்லும் வழக்கில், வேலையிலிருந்து நிறுத்தியதை நிர்வாகம் ஒப்புக்கொண்டால் அந்நிறுத்தம் நியாயமானதென்று நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்தினுடையது; அதுவே முதலில் சாட்சியமளிக்கவும் வேண்டும். இராஜினாமாக் கடிதம் கோப்பில் இருந்தாலோ நிலைமை தலைகீழாகிவிடும். வற்புறுத்தி வாங்கினார்கள் என்று காட்ட வேண்டிய பாரம் உத்தியோகத்தரின் தோளில் ஏறும். மூடிய அறைக்குள் நடந்த பேச்சுக்குச் சாட்சி யார்?

நிர்வாகத்திற்கு ஆலோசனை சொல்பவர்களும் இதனை அறியாதவர்கள் அல்லர். எனவே சில இடங்களில் கடிதங்களின் சொற்கள் நடுவழியில் மாறத் தொடங்கும். 'முன்னேற்றம் போதாது' என்றிருந்தது 'கவனயீனம்' ஆகும். பின்னர் 'கட்டளையை அலட்சியம் செய்தமை' ஆகும். மேம்பாட்டுத் திட்டம் குற்றப்பத்திரமாக உருமாறும் தருணம் அது. விளக்கம் கோரும் கடிதம், உள்ளக விசாரணை என்று காரியங்கள் ஒழுக்காற்றுப் பாதையில் திரும்பும். அவ்வேளையில் தனியே பதில் எழுதிக்கொண்டிருப்பது ஆபத்து. இலங்கை தோட்ட சேவையாளர் சங்கம் போன்ற தொழிற்சங்கத்தில் அங்கத்தவராயின் அதன் பிரதிநிதியை, அன்றேல் தொழில் வழக்குகளில் பழக்கமுள்ள சட்டத்தரணியை உடனே நாட வேண்டும். ஒழுக்காற்றுத் தண்டனையாக ஒருவரை நிறுத்தினால் அதற்கான காரணங்களை இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கின்றது. அந்த அறிவித்தலின் திகதியையும் வாசகத்தையும் பத்திரப்படுத்துவது முக்கியம்.

கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் கீழ் தொழில் நியாய மன்றத்தில் விண்ணப்பம் செய்வதற்கான காலம், வேலை நிறுத்தப்பட்ட திகதியிலிருந்து ஆறு மாதங்கள். தலைமைக் காரியாலயத்திற்கு மேன்முறையீடு, பணிப்பாளருக்கு மடல், அரசியல் தலைவரின் தொலைபேசி அழைப்பு என்று மாதங்களைக் கழிக்கும்போது அந்தக் கடிகாரம் நிற்பதில்லை. மன்றத்தில் தொழிற்சங்கப் பிரதிநிதியே தோன்றலாம் என்பதால் செலவு தாங்க முடியாததல்ல. தாங்க முடியாதது காலம். தீர்ப்பு வருவதற்கே வருடங்கள் ஆகலாம். அதன்பின் மாகாண மேல் நீதிமன்றத்திற்கு மேன்முறையீடு. அந்த மேன்முறையீடு சட்டப் பிரச்சினை பற்றியதாகவே இருக்கலாம், மன்றம் கண்ட நிகழ்வுகள் சான்றுக்கு முற்றிலும் மாறானவையாக இருந்தாலன்றி அவற்றில் தலையிடலாகாது என்பது கலிடோனியன் தேயிலை, இறப்பர் தோட்டக் கம்பனிக்கும் ஹில்மன் என்பவருக்கும் இடையிலான 1977ஆம் ஆண்டு வழக்கிலிருந்து இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் கோட்பாடு. யார் என்ன எழுதினார்கள், எந்தத் திகதியில் எழுதினார்கள் என்பதெல்லாம் கீழ் மன்றத்திலேயே முடிவாகிவிடும் என்பதால், முதல் வாரத்தில் எழுதிய அந்தப் பதிலின் பெறுமதி இங்கே தெரியவரும்.

நமது உதாரண உத்தியோகத்தர் இராஜினாமா செய்தால் அவருக்கு உறுதியாகக் கிடைப்பது 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படியான தொகை. மாத வேதனம் பெறுபவருக்குப் பூர்த்தியான ஒவ்வொரு வருடத்திற்கும் கடைசியாகப் பெற்ற மாத வேதனத்தில் பாதி. 30,000 ரூபாவைப் பத்தொன்பதால் பெருக்கினால் 570,000 ரூபா. இது நிர்வாகம் மனமிரங்கித் தருவதல்ல. இராஜினாமா செய்தாலும், நிறுத்தப்பட்டாலும் உரியது. மோசடி, சொத்துச் சேதம் போன்ற காரணங்களுக்காக நிறுத்தப்பட்டால் மாத்திரமே நட்டத்தின் அளவுக்கு அதில் கழிக்கலாம். 'கடிதம் தந்தால் பணிக்கொடை தருவோம்' என்பது உங்கள் பணத்தையே உங்களுக்கு விலையாகக் காட்டும் பேச்சு.

இனி, ஆணையாளரின் அனுமதியுடன் நிறுத்தப்பட்டால் பயன்படும் நட்டஈட்டு அட்டவணையைப் பார்ப்போம். முதல் ஐந்து வருடங்களுக்கு வருடமொன்றுக்கு இரண்டரை மாத வேதனம். ஆறு முதல் பதினான்காம் வருடம் வரை இரண்டு மாதம். பதினைந்து முதல் பத்தொன்பது வரை ஒன்றரை மாதம். அதன் பின்னும் குறைந்த வீதத்தில் தொடரும். பன்னிரண்டரையும் பதினெட்டும் ஏழரையும் சேர்ந்து 38 மாதங்கள். அதாவது 2,280,000 ரூபா, பணிக்கொடைக்கு மேலதிகமாக. இந்த நட்டஈட்டின் உச்ச வரம்பு 2021இல் 25 இலட்சமாக உயர்த்தப்பட்டமையால் தொகை அதற்குள் அடங்குகின்றது. தொழில் நியாய மன்றம் இந்த அட்டவணைக்குக் கட்டுப்பட்டதல்ல. அது நீதியும் ஒப்புரவும் எனத் தனக்குத் தோன்றுவதைக் கட்டளையிடும். கூடலாம், குறையலாம், ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். ஆயினும் பேச்சுவார்த்தை மேசையில் இந்த எண்ணைத் தெரிந்திருப்பவருக்கும் தெரியாதவருக்கும் இடையில் ஏறத்தாழ 23 இலட்சம் ரூபா வித்தியாசம் உண்டு.

ஊழியர் சேமலாப நிதியை நம்பி இராஜினாமா செய்வோரும் உளர். வேலையை விட்டதனால் மாத்திரம் அந்நிதியை முழுமையாக எடுக்க இயலாது. ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயது ஆகவேண்டும். 46 வயதில் விலகுபவருக்கு அந்தப் பணம் ஒன்பது வருடங்கள் தொலைவில் இருக்கின்றது. மறுபுறம், 2021ஆம் ஆண்டின் ஓய்வுபெறும் வயது பற்றிய சட்டத்தின்படி அவர் 60 வயது வரை பணிபுரியலாம் என்பதால், இழக்கப்போவது பதினான்கு வருட வேதனம் என்பதையும் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

இத்தகைய நீண்ட சேவை உள்ளவர் எதிர்த்து நிற்க வேண்டும் என்பதே என் கருத்து. எதிர்ப்பது என்றால் கொடி பிடிப்பதல்ல. திட்டத்தின் மூன்று மாதங்களையும் ஒழுங்காகப் பணிபுரிந்து கழிப்பது, ஒவ்வொரு கூட்டத்தின் பின்னும் நடந்ததை இரண்டு வரியில் எழுதி அனுப்புவது, எந்தப் பத்திரத்திலும் விலகுவதாக ஒப்பமிடாதிருப்பது. இவ்வாறு நிற்பவரிடம் நிர்வாகம் இறுதியில் தானாகவே பேச வரக்கூடும். அப்போது தொகை, செலுத்தும் திகதி, சேவைச் சான்றிதழின் வாசகம் ஆகிய யாவும் எழுத்தில் வந்த பின்னரே ஒப்பமிடலாம். நல்ல தொகைக்கு உடன்பட்டு விலகுவது தோல்வியல்ல.

இரண்டு, மூன்று வருடச் சேவையுள்ள இளைஞரின் நிலை வேறு. மூன்று வருடத்திற்கு அட்டவணைப்படி ஏழரை மாத வேதனமே. அதற்காக வருடக்கணக்கில் மன்றத்தின் படியேறுவதைவிட இன்னொரு தோட்டத்திலோ தேயிலை ஏற்றுமதி நிறுவனத்திலோ வேலை தேடிக்கொள்வது நல்லது. ஹற்றனில் காலையில் நடப்பது மாலைக்குள் தலவாக்கலையில் பேசப்படும் சிறிய உலகம் இது. மேம்பாட்டுக் கடிதம் இருக்கும்போதே, வேலையில் இருந்துகொண்டே தேடுபவருக்குக் கிடைக்கும் இடம், நிறுத்தப்பட்ட பின் தேடுபவருக்குக் கிடைப்பதில்லை. ஆனால் நாலு வருடமும் எட்டு மாதமும் பணிபுரிந்த ஒருவர் அவசரப்பட்டு விலகக் கூடாது. ஐந்து வருடம் பூர்த்தியானால்தான் பணிக்கொடை உரித்தாகும். நாலு மாதம் பொறுத்தால் இரண்டரை மாத வேதனம் கிடைக்கும் என்பது எளிய கணக்கு.

உடல்நிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு காலையும் காரியாலயத்தின் படியை மிதிக்கவே நெஞ்சு படபடக்கும் நிலை வந்துவிட்டால், சட்டத்தில் வெல்லக்கூடிய வழக்கையும் விட்டுவிட்டுச் செல்வதில் குற்றமில்லை. ஆயினும் அந்த முடிவைக் கடிதம் கிடைத்த வாரத்தில் எடுக்காமல் எண்களைப் பார்த்த பின்னர் எடுப்பது நல்லது.

கொழும்பில் இத்தகைய கடிதம் பெறுபவருக்கு இல்லாத ஒரு சிக்கல் மலையகத்தில் உண்டு. வேலையோடு விடுதியும் போய்விடும். பதவிக்குரிய விடுதியில் குடும்பம், பக்கத்துப் பாடசாலையில் பிள்ளைகள், பின்புறத்தில் மரக்கறித் தோட்டம், சிலவேளை ஒரு மாடு. சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லாத உத்தியோகத்தர் குடும்பங்கள் ஏராளம். ஆகையால் விலகுவதாக முடிவெடுத்தாலும், விடுதியை ஒப்படைக்கும் திகதி உடன்பாட்டின் ஒரு வாசகமாக இருக்க வேண்டும். பிள்ளைகளின் பரீட்சை டிசம்பரில் என்றால் திகதி ஜனவரியாக இருக்கட்டும். உடன்பாடு இல்லாமல் நிறுத்தப்பட்டு வழக்குத் தொடரப்பட்டிருந்தால், நிர்வாகம் மின்சாரத்தையோ தண்ணீரையோ துண்டித்து வெளியேற்ற முயலுமிடத்து, சாமான்களை லொறியில் ஏற்றுவதற்கு முன் சட்டத்தரணியிடம் செல்ல வேண்டும்.

விடுதியின் சாவியைக் கையளிக்கும் நாளில் இருப்பில் உள்ள பொருட்களின் பட்டியலை இருவரும் பார்த்து ஒப்பமிடுங்கள். பணிக்கொடை, சேவை முடிந்த நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் செலுத்தப்பட வேண்டியது. முப்பத்தோராம் நாளும் காசோலை வராவிட்டால் செல்ல வேண்டிய இடம் தோட்டக் காரியாலயமல்ல. மாவட்டத் தொழில் திணைக்களக் காரியாலயம்.